பகிர்ந்து சமைக்கும் சமையலறையில் கரப்பான்பூச்சி குடியேறாமல் இருக்க: வீட்டில் உள்ள எல்லோருக்குமான விதிகள்

நள்ளிரவில் தண்ணீர் குடிக்கப் போய்ச் சமையலறை விளக்கைப் போட்டதும், மேடையின் ஓரத்தில் ஏதோ ஒன்று சரேலென்று ஓடி மைக்ரோவேவின் அடியில் மறைகிறது. காலையில் விசாரணை நடக்கிறது. வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “நான் என் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.” இதில் வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேர் சொல்வதும் உண்மையாக இருக்கக்கூடும்.

ஏனென்றால் கரப்பான்பூச்சி ‘உன்னுடையது’, ‘என்னுடையது’ என்று பெயர் எழுதிய இடங்களில் அதிகம் மேய்வதில்லை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே வழிந்து உறைந்த எண்ணெய், கழுவுதொட்டியின் அடியில் தேங்கிய கடைசிக் கரண்டித் தண்ணீர், குழாயின் மேல் சுருட்டிப் போட்ட ஈரத்துணி, ஃபிரிட்ஜின் முதுகுப்புறம் என்று யாருக்கும் சொந்தமில்லாத இடங்கள்தான் அதன் வீடு. விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் பலரோடு அடுப்பைப் பகிர்ந்து வாழ்ந்த ஆண்டுகளில் எத்தனையோ முறைப்பட்டியல்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்திருக்கிறேன். ‘திங்கள் இவர், செவ்வாய் அவர்’ என்ற பட்டியல் ஒன்றுகூட பூச்சியைத் தடுத்ததில்லை. பட்டியல் ஆளைப் பிடிக்கிறது. பூச்சியோ இடத்தையும் நேரத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கீழே உள்ள விதிகள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியும் இரவைப் பற்றியும் இருக்கும்.

எறும்பும் ஈயும் எலியும் கூட வரலாம். ஆனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு பூச்சியை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது: சமையலறைக்குள்ளேயே பிறந்து, அங்கேயே பெருகி, தானாக ஒருநாளும் வெளியேறாத சின்னக் கரப்பான்.

முதலில், வந்திருப்பது யார்?

விரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக, எப்போதாவது ஒன்று குளியலறை வடிகால் பக்கம் தென்பட்டால் அது பெரிய கரப்பான். அது பெரும்பாலும் சாக்கடையிலும் வெளியிலும் வாழ்ந்து, வழி தவறி உள்ளே வருவது. வடிகாலுக்கு வலைமூடி போட்டு, கதவடி இடைவெளியை அடைத்தால் அதன் வரவு குறைந்துவிடும்.

நாம் அஞ்ச வேண்டியது மற்றொன்றை. வளர்ந்த பிறகும் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. நீளம்தான். வெளிர் பழுப்பு நிறம். தலைக்குப் பின்னால் உள்ள கவசத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் இரண்டு கரிய கோடுகள் இருக்கும். இதன் பெயர் ஜெர்மன் கரப்பான். (ஜெர்மனிக்கு இது அநியாயம். 1767-இல் லின்னேயஸ் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதன் மூதாதை ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் இருந்த ஆசியக் கரப்பான் என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.)

இதன் வாழ்க்கையில் நான்கு செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும், விதிகள் தாமாகவே புரியும். ஒன்று, பெண்பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் அடங்கிய கூட்டை வயிற்றின் பின்முனையில் ஒட்டியபடியே சுமந்து திரிந்து, பொரிக்கும் நேரம் நெருங்கிய பிறகே அதை விடும். முட்டையிலிருந்து பொரிய மூன்று நான்கு வாரம். குஞ்சு முழு வளர்ச்சி அடைய வெதுவெதுப்பான வீட்டில் மேலும் இரண்டு மாத அளவு. இரண்டு, முதுகும் வயிறும் ஒருசேரச் சுவரில் உரசும்படியான இடுக்குதான் அதற்குப் பிடிக்கும். குஞ்சுகளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பிளவே போதும். மூன்று, தண்ணீர் மட்டும் கிடைத்தால் உணவில்லாமல் ஒரு மாத அளவுக்குத் தாங்கும். காய்ந்த உணவு இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் இரண்டு வாரத்தைத் தாண்டுவது கடினம். நான்கு, அதன் எச்சத்திலேயே மற்ற பூச்சிகளை அழைக்கும் வாசம் இருக்கிறது. ஒன்று தங்கிய இடுக்கில் நூறு தங்கும்.

மூன்றாவது செய்தியைத்தான் பெரும்பாலான வீடுகளில் தவறவிடுகிறார்கள். உணவுத் துகளைத் தேடித் தேடிக் கூட்டுகிறார்கள். குழாய் சொட்டுவதை விட்டுவிடுகிறார்கள்.

படி 1: விதி போடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

வீட்டுக் கூட்டம் போட்டுச் சத்தம் போடுவதற்கு முன், பூச்சி எங்கே இருக்கிறது என்பது தெரிய வேண்டும். பசை தடவிய ஒட்டும் பொறி ஆறு வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் எண்ணும் தேதியும் எழுதுங்கள். ஃபிரிட்ஜின் பின்புறம், கழுவுதொட்டியின் கீழ், அடுப்பின் பக்கவாட்டு, மைக்ரோவேவின் பின்புறம், மேல் அலமாரியின் உள்மூலை, குப்பைக்கூடையின் அருகு என ஆறு இடங்களில் வையுங்கள். தரையின் நடுவில் வைத்தால் ஒன்றும் விழாது. கரப்பான் சுவரை ஒட்டியே நடக்கும். பொறியின் ஓரம் சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும்.

மூன்று இரவு கழித்து எண்ணுங்கள். எத்தனை என்பதைவிட எந்தப் பொறியில், எந்த அளவில் என்பதே முக்கியம். ஒரே பொறியில் மட்டும் குவிந்திருந்தால் கூடு அதிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருக்கிறது என்று பொருள். இறக்கை இல்லாத, எள்ளைவிடச் சற்றே பெரிய கரிய குஞ்சுகள் ஒட்டியிருந்தால், விருந்தாளி வரவில்லை, பிரசவம் உங்கள் வீட்டிலேயே நடக்கிறது.

அதோடு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவின் கீல்களையும் இழுப்பறையின் உள்மூலைகளையும் பாருங்கள். மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது எச்சம். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் பழுப்பாக இழுபடும். ஒட்டும் பொறி பூச்சியை ஒழிக்கும் கருவியல்ல, அளவுகோல் மட்டுமே. இதை மறந்து, இருபது பொறி வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: இரவு அடைப்பு

எல்லா விதிகளையும் மறந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு இரவும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சமையலறை ‘அடைக்கப்படும்’. பதினொரு மணி என்று வைத்துக்கொள்வோம். அடைக்கும்போது சமையலறை இரண்டு நிலையில் இருக்க வேண்டும்: வெறுமையாகவும் உலர்ந்தும். பளபளப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடைப்பவர் ஒருவர்தான், வாரத்துக்கு ஒருவர் மாறலாம். ஆனால் அவர் மற்றவர்களின் பற்றுப்பாத்திரத்தைக் கழுவக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழுவ வேண்டும் என்று விதி வைத்தால் இரண்டாவது வாரத்தில் சண்டை வரும், மூன்றாவது வாரத்தில் விதி இருக்காது. அதற்குப் பதிலாக, இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கித் தொட்டியின் அருகே வையுங்கள். பதினொரு மணிக்குத் தொட்டியில் கிடக்கும் பாத்திரம் எதுவாக இருந்தாலும் அப்படியே அந்த டப்பாவுக்குள் போகும்; மூடி இறுகும். யாருடையது என்ற கேள்வியே வேண்டாம். காலையில் அவரவர் எடுத்துக் கழுவிக்கொள்ளட்டும். மறுநாள் இரவும் அதே பாத்திரம் டப்பாவில் இருந்தால் அப்போது பெயரைச் சொல்லிப் பேசலாம்.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ‘ஊற’ வைப்பது பலருக்குப் பழக்கம். கரப்பானுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை: ஒரே தட்டில் சோறும் தண்ணீரும். ஊற வேண்டியது டப்பாவுக்குள் ஊறட்டும்.

பாத்திரம் போன பிறகு அடைப்பவருக்கு மிஞ்சும் வேலை பத்து நிமிடம்தான். தொட்டியின் வலைமூடியில் சிக்கியதைக் குப்பையில் தட்டி, தொட்டியை ஒரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மேடையையும் அடுப்பின் மேற்பரப்பையும் துடைக்க வேண்டும். துடைத்த துணியைப் பிழிந்து சமையலறைக்கு வெளியே கொடியில் காயப் போட வேண்டும். அது குழாயின் மேல் தொங்கினால் துடைத்ததன் பலனில் பாதி போய்விடும். உணவுக் குப்பை கட்டி வெளியேற வேண்டும். வெளியே கொண்டுபோக முடியாத இரவில், பையின் வாயை முடிச்சிட்டு மூடியுள்ள கூடைக்குள் வைக்கலாம்.

இரவு வேலைக்குப் போய் இரண்டு மணிக்கு வந்து சமைப்பவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குச் சமைக்கும் உரிமையை மறுக்க முடியாது. அந்த இரவில் அடைப்பு அவர் கைக்கு மாறும், அவ்வளவுதான். அடைத்த சமையலறையைத் திறந்தவரே திரும்ப அடைக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் விதி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? காலையில் முதலில் எழுபவர் தொட்டியின் அடியில் விரலை வைத்துப் பார்க்கட்டும். அடைப்பு ஒழுங்காக நடந்தும் ஈரமாக இருந்தால் குழாய் கசிகிறது. வீட்டு உரிமையாளருக்கோ விடுதிக் காப்பாளருக்கோ அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டிய பழுது அது. வாய்ச்சொல்லாகச் சொன்ன கசிவு மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

படி 3: ஆளுக்கொரு பெட்டி

இதை நீட்ட வேண்டியதில்லை. திறந்த பொட்டலம் எதுவும் அலமாரியில் வெறுமனே இருக்கக் கூடாது. இறுக்கமான மூடி கொண்ட பெட்டி ஆளுக்கொன்று. மாவு, தானியம், சீனி, பிஸ்கட் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். ரப்பர் பட்டை போட்டுச் சுருட்டிய பையை மூடிய பை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவில் வாங்கும் எண்ணெய்ப் புட்டியின் அடியில் ஒரு சிறு தட்டு வைத்து, இரவு அடைக்கும்போது அதையும் துடைத்துவிடுங்கள். செல்லப்பிராணி இருந்தால் அதன் உணவுக் கிண்ணமும் தண்ணீர்க் கிண்ணமும் இரவில் தரையில் இருக்கக் கூடாது.

அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிடுவதைத் தடைசெய்யச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். எவரும் கடைப்பிடிக்காத விதியைப் போடுவதால் மற்ற விதிகளின் மதிப்பும் குறையும். ‘தட்டு அறையில் இரவு தங்கக் கூடாது’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 4: வாசலில் ஒரு சோதனை

ஜெர்மன் கரப்பான் பறந்து வருவதில்லை. தெருவிலிருந்து நடந்து வருவதும் அரிது. யாரோ தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். அட்டைப்பெட்டி, காகிதப் பை, பழைய மைக்ரோவேவ், கைமாறிய ஃபிரிட்ஜ், முந்தைய விடுதியிலிருந்து கொண்டுவந்த பாத்திர மூட்டை இவைதான் அதன் வாகனங்கள். அட்டையின் நெளிவுகள் அதற்கென்றே அளவெடுத்துச் செய்த இடுக்குகள்.

எனவே அட்டைப்பெட்டி வாசலிலேயே பிரிக்கப்படட்டும். பொருள் மட்டும் உள்ளே, அட்டை அன்றே வெளியே. பின்னால் உதவும் என்று ஃபிரிட்ஜின் மேல் அடுக்கிய பெட்டிகளை இன்றே எடுத்துவிடுங்கள். பழைய மின்சாதனம் வாங்கினால், அதை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் ஒட்டும் பொறியோடு சேர்த்துக் கட்டி, மூன்று நாள் சமையலறைக்கு வெளியே வைத்துப் பாருங்கள். பொறியில் ஒன்று விழுந்தாலும் அது திரும்பிப் போக வேண்டும். வாங்கியவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

படி 5: பார்த்தவர் எழுத வேண்டும், கேட்டவர் கோபிக்கக் கூடாது

பகிர்ந்து வாழும் வீட்டில் பூச்சி பெருகுவதற்கு அழுக்கைவிடப் பெரிய காரணம் மௌனம். முதலில் பார்த்தவர் சொல்வதில்லை. சொன்னால் தன் மேல் பழி வரும், அல்லது தானே சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறார். இப்படி ஐந்து பேரும் ஒவ்வொன்றைப் பார்த்துவிட்டு ஆறு வாரம் வாய்திறக்காமல் இருந்தால், அதற்குள் ஒரு முட்டைக்கூடு பொரிந்து அடுத்த தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கும்.

ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். தேதி, நேரம், இடம், சின்னதா பெரியதா என்ற நான்கு கட்டங்கள் மட்டும் போதும். பார்த்தவர் பெயருக்கு இடம் வேண்டாம். ‘யாரால் வந்தது’ என்ற கேள்வியை இந்தத் தாளின் முன் எவரும் எழுப்பக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வையுங்கள். பகலில் ஒன்று தென்பட்டால் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். இரவுப் பூச்சி பகலில் வெளியே வருகிறது என்றால் இடுக்குகளில் இடம் போதவில்லை என்று அர்த்தம், கூட்டம் பெருகிவிட்டது.

படி 6: ஃபிரிட்ஜின் முதுகு

மாதம் ஒருமுறை, இரண்டு பேர் சேர்ந்து, ஃபிரிட்ஜின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு அதைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டும். பின்பக்கக் கீழ்ப்பகுதியில் மோட்டார் இருக்கும். பல ஃபிரிட்ஜுகளில் அதன் மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே உருகும் பனிநீர் குழாய் வழியாக அந்தத் தட்டில் வந்து சேர்ந்து, மோட்டாரின் சூட்டில் ஆவியாகும். ஃபிரிட்ஜுக்குள் சிந்திய குழம்பும் பாலும் அதே குழாய் வழியாக அங்கே வரும். இருட்டு, கதகதப்பு, ஈரம், சோறு நான்கும் ஓரடிச் சதுரத்துக்குள் இருக்கும் இடம் சமையலறையில் இது ஒன்றுதான். இப்படி ஒரு தட்டு இருப்பதையே அறியாமல் பத்து வருடம் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிச் சோப்புநீரில் கழுவுங்கள். முடியாவிட்டால் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். சுற்றியுள்ள தூசியையும் எச்சத்தையும் காய்ந்த துடைப்பத்தால் கிளப்ப வேண்டாம். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியவை. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைப்பதே சரி. அதே நாளில் அடுப்பையும் இழுத்துப் பக்கச்சுவரின் எண்ணெயைத் துடைத்துவிடலாம். எரிவாயு அடுப்பாக இருந்தால் இணைப்பை அடைத்துவிட்டு, குழாய் இழுபடாத அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள். இந்த மாத வேலை இரவு அடைப்புப் பட்டியலோடு கலக்காமல் தனியாக நடக்கட்டும்.

படி 7: வந்துவிட்டால், யாரும் தனியாக மருந்தடிக்கக் கூடாது

இந்த விதியை வீட்டில் குடியேறும் முதல்நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோபத்தில் ஒருவர் கடைக்குப் போய் ஸ்பிரே வாங்கிவந்து மூலைமுடுக்கெல்லாம் அடிப்பதுதான் வழக்கமாக நடப்பது. கண்ணில் பட்ட பத்து செத்துவிடும். இடுக்கிலிருக்கும் மீதி, அந்த நெடியிலிருந்து விலகி அலமாரிக்கும் படுக்கையறைக்கும் அடுத்த வீட்டுக்கும் பரவும். அதைவிடக் கெடுதல் என்னவென்றால், ஸ்பிரே பட்ட இடத்தில் பிறகு ஜெல் மருந்து வைத்தால் பூச்சி அதை நெருங்காது. அறையை மூடிவிட்டுப் புகை கிளப்பும் டப்பாக்களும் உதவாது. 2019-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடியிருப்புகளில் சோதித்துப் பார்த்தபோது, புகை அடித்த வீடுகளில் பூச்சி குறையவில்லை. ஜெல் வைத்த வீடுகளில் குறைந்தது. புகையின் நஞ்சு மட்டும் சமையலறைப் பரப்புகளில் படிந்து கிடந்தது.

கண்ணெதிரே ஓடுவதை அடிக்காமல் இருக்க முடியாது என்பவருக்காக, தெளிக்கும் புட்டி ஒன்றில் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீர் வையுங்கள். நேரடியாகப் பட்டால் கரப்பான் செத்துவிடும், நஞ்சும் தங்காது. செருப்பும் உண்டு.

உண்மையான வேலையைச் செய்வது ஜெல் இரை. ஃபிப்ரோனில், இண்டாக்ஸாகார்ப் போன்ற மருந்து கலந்து ஊசிக்குழலில் விற்கப்படுவது. தின்ற பூச்சி உடனே சாகாமல் கூட்டுக்குத் திரும்பிச் சாகிறது. அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளுக்கும் மருந்து போய்ச் சேர்கிறது. வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைத்தால் அது காய்ந்து கல்லாகிவிடும். அரிசிமணி அளவுப் புள்ளிகளாகப் பல இடங்களில் வைக்க வேண்டும்: பொறியில் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி நெருக்கமாக, மற்ற இடங்களில் ஒன்றிரண்டு. கீலின் உட்புறம், அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலான பிளவு, தொட்டியின் கீழ்க்குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை ஆகியவை ஏற்ற இடங்கள். உணவோ பாத்திரமோ தொடும் பரப்பு, சூடேறும் பரப்பு, குழந்தையோ பிராணியோ எட்டும் இடம் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மொத்த அளவுக்கு உறையில் எழுதியிருப்பதே வரம்பு.

புள்ளி வைத்த இடங்களை ஃபிரிட்ஜ் தாளிலேயே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் இரவு அடைப்பவர் ஆர்வமாகத் துடைத்துவிடுவார். மூன்று நாளில் பாருங்கள்: தின்று தீர்ந்த இடத்தில் மேலும் வைக்க வேண்டும்; தொடாமலே காய்ந்த இடத்தை மாற்ற வேண்டும். பூச்சி நிறைய இருந்தும் எந்தப் புள்ளியையும் தொடவில்லை என்றால் வேறு மருந்து கலந்த வேறு ஜெல்லுக்கு மாறுங்கள். இரையில் இருந்த குளுக்கோஸையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான் கூட்டங்கள் 1993-இலேயே ஆய்வில் பதிவாகியிருக்கின்றன.

இரை வைக்கும்போதும் இரவு அடைப்பு நிற்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: தொட்டியில் சோற்றுப் பருக்கை கிடக்கும் இரவில் ஜெல்லை எந்தப் பூச்சி தேடி வரும்?

ஐந்து பேர், ஆறு பொறி, பத்து வாரம்

நான் கடைசியாகப் பகிர்ந்திருந்த வீட்டின் தாளிலிருந்து சொல்கிறேன். முதல் மூன்றிரவில் ஃபிரிட்ஜின் பின்னால் 31, தொட்டியின் கீழ் 12, மைக்ரோவேவின் பின்னால் 8, அடுப்பருகே 3, குப்பைக்கூடையருகே 2, மேல் அலமாரியில் ஒன்றுமில்லை. மொத்தம் 56, பாதிக்கு மேல் குஞ்சுகள். அதுவரை நாங்கள் முழுமூச்சாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது மேல் அலமாரியை.

முதல் வாரம் இரவு அடைப்பு மட்டும் நடந்தது. அடுத்த எண்ணிக்கை 49. ஒருவர் மனமுடைந்து ஸ்பிரே வாங்கப் புறப்பட்டார், தடுத்துவிட்டோம். பெருகிவிட்ட கூட்டத்தைச் சுத்தம் மட்டும் ஒழிக்காது. பசியோடு வைத்திருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஃபிரிட்ஜ் தட்டைக் கழுவி, இருபத்தைந்து புள்ளி ஜெல் வைத்தோம். அதில் பன்னிரண்டு ஃபிரிட்ஜைச் சுற்றி. மூன்றே நாளில் அந்தப் பன்னிரண்டும் காணாமல் போயின, மறுபடி வைத்தோம். மூன்றாம் வார இறுதியில் மொத்தம் 11.

ஐந்தாம் வாரத்தில் 19 ஆனது. “மருந்துக்குப் பழகிவிட்டது” என்று தீர்ப்பு வந்தது. பொறியை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தோம். பத்தொன்பதில் பதினேழு, எள்ளளவுக் குஞ்சுகள். தாய் செத்தாலும் அது விட்டுப்போன கூட்டில் முட்டைக்கு மருந்து எட்டுவதில்லை. அவை பொரிந்து வெளிவந்திருந்தன. அந்த நேரத்தில் தேவைப்பட்டது வேறு மருந்து அல்ல, காய்ந்துபோன பழைய புள்ளிகளுக்குப் பதில் புதிய புள்ளிகள். ஏழாம் வாரம் 4. எட்டாம், ஒன்பதாம் வாரங்களில் ஒன்றுமில்லை.

பத்தாம் வாரம் தொட்டியின் கீழ்ப் பொறியில் மட்டும் வளர்ந்த பூச்சி ஒன்று. குஞ்சு இல்லை, வேறு பொறியிலும் இல்லை. அப்படியென்றால் அது அங்கே பிறந்ததல்ல. டார்ச் அடித்துப் பார்த்தபோது, வடிகுழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு விரல் அளவு வளையமாகத் திறப்பு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் சமையலறை. அப்போதுதான் சிலிகான் பசையால் அதை அடைத்தோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாமே என்று தோன்றும். கூட்டம் உள்ளே இருக்கும்போது பிளவுகளை அடைத்தால் ஜெல் வைக்க இடம் இருக்காது. பூச்சி நமக்குத் தெரியாத வேறு இடுக்குக்கு மாறிவிடும். பொறி வெறுமையான பிறகு அடைப்பதே என் பழக்கம்.

அடுத்த வீட்டிலும் இருக்கிறது என்று தெரிந்தால் இந்த விதிகளின் எல்லை அங்கே வந்துவிடுகிறது. கட்டடம் முழுவதற்கும் ஒரே வாரத்தில் இரை வைக்க உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அப்போது உங்கள் கையில் இருக்கும் பத்து வார எண்ணிக்கைத் தாள் எந்தப் புகார்க் கடிதத்தைவிடவும் நன்றாகப் பேசும். பூச்சி ஒழிப்பு ஆள் வந்தாலும் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள். பார்க்காமலே தெளிக்கத் தொடங்குபவராக இருந்தால், ஜெல் வைத்த இடங்களில் தெளிக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லியாக வேண்டும்.

ஆள் மாறும் நாள்

ஒருவர் வெளியேறும்போது அவருடைய பெட்டி காலியாகிக் கழுவப்பட வேண்டும். ‘அடுத்து வருபவருக்குப் பயன்படும்’ என்று விட்டுச்செல்லும் பாதி மாவுப் பொட்டலம் யாருக்கும் பயன்படாது. புதிதாக வருபவரின் சமையல் சாமான்கள் வாசல் சோதனையைத் தாண்டியே உள்ளே வரட்டும். இதை மரியாதைக் குறைவாக அவர் எடுத்துக்கொள்ளாதபடி, வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். செலவு எல்லோருக்கும் சமபங்கு. சமைக்கவே சமைக்காதவரும் சேர்த்துத்தான், ஏனென்றால் அவர் அறைக்கும் சமையலறைக்கும் இடையில் இருப்பது ஒரு சுவர் மட்டுமே.

ஆறு பொறிகளில் இரண்டை நிரந்தரமாக விட்டுவையுங்கள், ஃபிரிட்ஜின் பின்னால் ஒன்று, தொட்டியின் கீழ் ஒன்று. மாதம் ஒருமுறை ஃபிரிட்ஜை இழுக்கும் நாளில் பார்த்து, எண்ணிக்கையைத் தாளில் எழுதிவிட்டுப் புதிது வையுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் ‘0’ என்று எழுதுங்கள். எழுதாத மாதத்தில் யாராவது பார்த்தார்களா இல்லையா என்பதே தெரியாது.